சொருகியே கிடக்கும் சார்ஜர்

கரண்ட் போனபோது மணி பன்னிரண்டே கால். சித்திரை வெயில். மின்விசிறி நின்றது, வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. லேப்டாப்புக்கு என்ன, அதற்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். திரையின் மூலையில் 100 என்று காட்டியது. ஒரு பத்தி முடித்து நிமிர்ந்து பார்த்தால் 71. இன்னொரு பத்தி முடிப்பதற்குள் 27. அடுத்த வாக்கியத்தின் நடுவில் திரை கறுத்துப்போனது. 27 சதவீதம் மிச்சமிருக்கிறது என்று சொன்ன இயந்திரம் அந்த நொடியே செத்துப்போனால் யாரை நம்புவது?

வாங்கி மூன்று வருடமான லேப்டாப் அது. மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை. சார்ஜரைச் சுவரில் சொருகியது சொருகியபடி, இரவும் பகலும். பேட்டரியை நான் பயன்படுத்தியதே கிடையாது, அதனால் அது புத்தம்புதிதாக இருக்கும் என்பது என் கணக்கு. எங்கள் அக்கா மகனும் கிட்டத்தட்ட அதே மாதத்தில்தான் லேப்டாப் வாங்கினான். கல்லூரி விடுதியில் இருக்கிறான். வகுப்பு, நூலகம், மொட்டை மாடி என்று அதைத் தூக்கிக்கொண்டே அலைபவன். அவனுடையது இன்றைக்கும் நாலு மணி நேரம் தாங்குகிறது. விடுமுறைக்கு வந்தவனிடம் புலம்பினேன்.

"மாமா, நீங்க என்னைக்காவது சார்ஜரைக் கழட்டியிருக்கீங்களா?"

"எதுக்குடா கழட்டணும்? பேட்டரி தேய்ஞ்சிரும்ல?"

அவன் சிரித்துவிட்டு, என் லேப்டாப்பில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு வரி அடித்தான். விண்டோஸ் லேப்டாப் வைத்திருக்கும் யாரும் அடித்துப் பார்க்கலாம்.

```
powercfg /batteryreport
```

இதை அடித்ததும் `battery-report.html` என்று ஒரு கோப்பு உருவாகும். எந்த இடத்தில் உருவானது என்பதையும் திரையிலேயே சொல்லிவிடும். திறந்தால் பேட்டரியின் ஜாதகம். அதில் மூன்று வரிகள் போதும். `DESIGN CAPACITY` என்பது பிறந்தபோது அதற்கு இருந்த கொள்ளளவு. `FULL CHARGE CAPACITY` என்பது இன்றைக்கு முழுக்க நிரப்பினால் எவ்வளவு பிடிக்கும் என்பது. `CYCLE COUNT` என்பது இதுவரை எத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்பது. சில தயாரிப்பாளர்கள் இந்தச் சுற்றுக் கணக்கை விண்டோஸுக்குக் கொடுப்பதில்லை. அப்படியானால் அந்த இடத்தில் வெறும் கோடு இருக்கும்.

என்னுடையதில் பிறந்தபோது 45,000 மில்லிவாட்-மணி. இன்றைக்கு 30,600. வகுத்துப் பார்த்தால் 68 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது. சுற்றுக் கணக்கு எவ்வளவு தெரியுமா? 58.

அவனுடையதையும் எடுத்துப் பார்த்தோம். பிறந்தபோது 50,000, இன்றைக்கு 41,000. அதாவது 82 சதவீதம். சுற்றுக் கணக்கு 390.

ஏழு மடங்கு அதிகமாக உழைத்த பேட்டரி திடமாக இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தது கிழடு தட்டிவிட்டது. இரண்டு லேப்டாப்பை வைத்து விதி எழுத முடியாதுதான், இரண்டும் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு மாதிரி. ஆனாலும் இந்த இரண்டு எண்களும் ஏன் இப்படித் தலைகீழாக இருக்கின்றன என்று தேடிப் போனதில்தான், சார்ஜரைச் சொருகியே வைக்கலாமா கூடாதா என்ற பழைய கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது.

முதலில் இந்தச் சுற்று. சார்ஜர் வயரை ஒரு தடவை சொருகினால் ஒரு சுற்று என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் வெளியே போனால்தான் ஒரு சுற்று. திங்கட்கிழமை 60 சதவீதம் செலவழித்துவிட்டு மறுபடி நிரப்புகிறீர்கள். செவ்வாய்க்கிழமை 40 சதவீதம் செலவழிக்கிறீர்கள். இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுற்று. நாளைக்குப் பத்து தடவை சொருகிப் பிடுங்கினாலும் மொத்தச் செலவு பாதிதான் என்றால் அரைச் சுற்றுதான். அதனால் 'அடிக்கடி சார்ஜ் போட்டால் சுற்று ஏறிவிடும்' என்ற பயம் வேண்டாம்.

லேப்டாப் பேட்டரிகளுக்குச் சாதாரணமாக 300 முதல் 500 சுற்று வரை ஆயுள் சொல்வார்கள். ஆப்பிள் தன்னுடைய இப்போதைய மேக்புக்குகளுக்கு 1,000 சுற்று என்கிறது. ஆயுள் முடிந்தது என்றால் பேட்டரி செத்தது என்று பொருள் இல்லை. பழைய கொள்ளளவில் 80 சதவீதம்தான் பிடிக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது, அவ்வளவே. அந்தக் கணக்குப்படி 58 சுற்று ஓடிய என் பேட்டரிக்கு இன்னும் பால்பல் கூட விழுந்திருக்கக் கூடாது.

ஆனால் பேட்டரிக்குள் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று உழைப்பை எண்ணுவது, அதுதான் இந்தச் சுற்றுக் கணக்கு. இன்னொன்று வெறுமனே நாட்களை எண்ணுவது. பேட்டரியைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இரண்டாவது கடிகாரம் நிற்காது. அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது ஒன்று, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது மற்றொன்று. என் லேப்டாப்பில் இரண்டுமே உச்சத்தில் இருந்தன. எந்த அறிக்கையிலும் அந்தக் கடிகாரத்துக்கு ஒரு வரி கிடையாது.

உள்ளே என்னதான் நடக்கிறது? லித்தியம்-அயன் செல் ஒன்றில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் கிராஃபைட், பென்சிலில் இருக்கும் அதே கரிப்பொருள், மெல்லிய ஏடுகளாக அடுக்கியது. மறுபக்கம் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடு. நடுவில் ஒரு கரைசல். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் உலோகப் பக்கத்திலிருந்து கிளம்பி, கரைசலை நீந்திக் கடந்து, கிராஃபைட் ஏடுகளுக்கு நடுவே போய் உட்காரும். நாம் வேலை செய்யும்போது எழுந்து திரும்பிப் போகும். இப்படி நாற்காலி மாறி மாறி உட்காரும் வித்தையை உருவாக்கியவர்களில் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சோனி நிறுவனம் இதை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது 1991-இல்.

சிக்கல் அந்தக் கிராஃபைட் பக்கத்தில் இருக்கிறது. சார்ஜ் ஏறிய கிராஃபைட்டும் கரைசலும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. தொட்ட இடத்தில் வினை நடக்கும். தொழிற்சாலையில் முதல் தடவை சார்ஜ் ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். புண்ணின் மேல் பொருக்கு கட்டுவது போல. இந்தப் பொருக்கு நல்லதுதான். இது இருப்பதால்தான் மேற்கொண்டு கரைசல் கெடாமல் இருக்கிறது. ஆனால் முழுமையாக அடைத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது. தடிப்பதற்கு வேண்டிய சரக்கு எங்கிருந்து வருகிறது? அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த லித்தியத்திலிருந்துதான். பொருக்கில் மாட்டிய லித்தியம் மறுபடி ஓடாது. ஓடும் லித்தியம் குறைந்தால் கொள்ளளவு குறையும். பொருக்கு தடித்தால் அயனிகள் நுழைவது கடினமாகி, செல்லின் உள்தடை கூடும்.

பேட்டரி முழுக்க நிரம்பியிருக்கும்போது இந்த வினை வேகமாக நடக்கிறது. கிராஃபைட் பக்கம் லித்தியத்தால் பிதுங்கி நிற்கிறது. எதிர்ப்பக்கம் லித்தியத்தை இழந்து, கரைசலையே அரிக்கும் வெறியோடு இருக்கிறது. செல்லின் வோல்ட் அளவு இந்த இறுக்கத்தைக் காட்டும். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், இப்போதைய சில செல்களில் அதற்கும் மேலே. எண்பது சதவீதத்தில் ஏறத்தாழ 4 வோல்ட். இந்தச் சின்ன வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். பேட்டரிக்கு அது முறுக்கேற்றிய தந்திக்கும் கொஞ்சம் தளர்த்திய தந்திக்கும் உள்ள வித்தியாசம். முழு அளவிலிருந்து 0.1 வோல்ட் குறைத்து நிறுத்தினாலே சுற்று ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பேட்டரித் துறையில் உள்ளவர்கள் நெடுநாளாகச் சொல்லும் கைக்கணக்கு.

உழைப்பும் தேய்மானம்தான், அதை மறுக்கவில்லை. லித்தியம் நிரம்பும்போது கிராஃபைட் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பருக்கிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. பருத்துச் சுருங்கும்போது மேலிருக்கும் பொருக்கு வெடிக்கும். வெடித்த இடத்தில் புதுப் பொருக்கு கட்டும். அதற்கும் லித்தியம் செலவாகும். முழுக்கக் காலியாக்கி முழுக்க நிரப்பினால் வெடிப்பு அதிகம். நடுவில் கொஞ்சம் இறக்கிக் கொஞ்சம் ஏற்றினால் குறைவு. என் மருமகப்பிள்ளையின் பழக்கம் தற்செயலாக அப்படி அமைந்திருக்கிறது. முப்பதுக்கு வந்தால் சொருகுவான், வகுப்புக்கு நேரமானால் எண்பதோ தொண்ணூறோ எவ்வளவு இருக்கிறதோ அதோடு பிடுங்கிக்கொண்டு ஓடுவான். நூறில் கிடந்து வேகும் நேரம் அந்த பேட்டரிக்கு மிகக் குறைவு.

அடுத்தது சூடு. பேட்டரிகளைச் சோதிக்கும் கருவிகளைத் தயாரிக்கும் கேடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இசிடோர் புக்மன், 'பேட்டரி யுனிவர்சிட்டி' என்ற பெயரில் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதிவருபவர். அதில் ஒரு அட்டவணை பேர்போனது. பேட்டரியைப் பயன்படுத்தாமல் ஒரு வருடம் சும்மா வைத்தால் கொள்ளளவில் எவ்வளவு மிஞ்சும் என்பது. 25 பாகை வெப்பத்தில், 40 சதவீதம் மட்டும் நிரப்பி வைத்தால் 96 சதவீதம் மிஞ்சுகிறது. அதே வெப்பத்தில் முழுக்க நிரப்பி வைத்தால் 80. வெப்பம் 40 பாகையானால், பாதிக்கும் குறைவாக நிரம்பியது 85, முழுக்க நிரம்பியது 65. ஒரே வருடத்தில், தொடாமலே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி.

இவை பழைய தலைமுறைச் செல்களின் எண்கள். இன்றைய செல்கள் இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று நிற்கும் முறையைப் பாருங்கள். நிரப்பின அளவு கெடுக்கிறது, சூடு கெடுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ரொம்பக் கெடுக்கிறது. 40 பாகை என்பது ஏதோ பாலைவனத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஏசி இல்லாத சென்னை அறை கோடையில் 34, 35 இருக்கும். அதில் ஓடும் லேப்டாப்பின் வயிற்றுக்குள், செயலிக்குப் பக்கத்தில் ஒட்டியபடி படுத்திருக்கிறது பேட்டரி. வீடியோ எடிட்டிங், விளையாட்டு என்று இயந்திரம் மூச்சு வாங்கினால் பேட்டரி 40-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய தப்பெண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். சொருகியே வைத்தால் பேட்டரிக்குள் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும், பொங்கி வழியும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. நூறைத் தொட்டதும் லேப்டாப்பின் சார்ஜ் சுற்று தானே நின்றுவிடும். அதற்குப் பிறகு இயந்திரம் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் நேரடியாக ஓடும். பேட்டரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். தானாகக் கசிந்து 95 வாக்கில் இறங்கினால்தான் மறுபடி கொஞ்சம் ஏறும். என்னுடையது மூன்று வருடத்தில் 58 சுற்று மட்டும் ஓடியதே இதற்குச் சாட்சி. ஆக, வயர் சொருகியிருப்பது குற்றம் செய்யவில்லை. சொருகியிருப்பதால் பேட்டரி மூன்று வருடமாக நூறிலேயே, சூட்டிலேயே உட்கார்ந்திருந்தது. குற்றம் அதுதான்.

இது தெரியாமல்தான் ரிச்சி தெருவில் எனக்கு ஒரு அறிவுரை கிடைத்தது. பேட்டரி விலை கேட்கப் போன கடையில், பழுது பார்க்கும் பையன் சொன்னான்: "டெய்லி ஃபுல்லா எறக்கிட்டு, அப்புறம் ஃபுல்லா ஏத்துங்க சார். நடுவுல சொருவாதீங்க." அவன் மேல் தப்பில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்தவராக இருக்க வேண்டும். அந்த பேட்டரிகளுக்கு முழுக்கக் காலியாக்கும் பழக்கம் உதவியது. லித்தியத்துக்கு அதே வைத்தியம் நஞ்சு. புது லேப்டாப்பை முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதும் அதே காலத்து மிச்சம்தான்.

அப்படியானால் என்ன செய்வது? வேளாவேளைக்குப் பிளக்கைப் பிடுங்கிச் சொருகும் வேலை வேண்டாம். தினமும் அப்படிச் செய்தால் தேவையில்லாத சுற்றுகளை நாமே ஓட்டுகிறோம். செய்ய வேண்டியது ஒன்றுதான். நூறுக்குப் போகாமல் எண்பதில் நிற்கும்படி லேப்டாப்புக்குச் சொல்லிவிட வேண்டும். கடந்த சில வருடங்களில் வந்த பெரும்பாலான லேப்டாப்புகளில் இதற்கு ஏற்கெனவே வசதி இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவே.

லெனோவோவில் `Lenovo Vantage` என்ற செயலிக்குள் `Conservation mode` என்று இருக்கும். ஆசுஸில் `MyASUS` செயலிக்குள் `Battery Health Charging`. அதில் சில மாதிரிகளில் 60, 80, 100 என்று மூன்று படிகள் உண்டு. மேசையை விட்டு நகராத இயந்திரத்துக்கு 60 கூடப் போதும். டெல்லில் `Primarily AC Use` என்ற தேர்வு. எச்பியின் அலுவலக மாதிரிகளில் இயந்திரம் தொடங்கும்போது வரும் பயாஸ் திரைக்குள் `Battery Health Manager` என்று தேட வேண்டும். மேக்புக்கில் `Optimized Battery Charging` பெரும்பாலும் ஏற்கெனவே போட்டிருக்கும். அது உங்கள் பழக்கத்தைப் பார்த்து, எண்பதில் நிறுத்தி வைத்து, நீங்கள் வழக்கமாக எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்துக்கு நூறாக்கித் தரும். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் என்னைப் போன்றவர்களின் பழக்கம் அதற்குப் புரிய நாளாகலாம். லினக்ஸ் காரர்கள், அவர்களுடைய இயந்திரம் இடம்கொடுத்தால், ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்:

```
echo 80 | sudo tee /sys/class/power_supply/BAT0/charge_control_end_threshold
```

சில இயந்திரங்களில் `BAT0` என்பது `BAT1` ஆக இருக்கும். மறுதொடக்கம் செய்தால் இது பழையபடி ஆகிவிடக்கூடும், அதையும் கவனிக்க வேண்டும்.

எல்லையை எண்பதில் வைத்த மறுநாள் ஒரு வேடிக்கை நடக்கும். சார்ஜர் சொருகியிருக்கும், ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்று விண்டோஸ் காட்டும். `Plugged in, not charging` என்ற அந்த வாசகத்தைப் பார்த்துச் சார்ஜர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. எண்பதில் நின்று அப்படிச் சொன்னால் பயப்பட வேண்டாம், சொன்னபடி கேட்கிறது என்று பொருள். இருபதில் நின்று அப்படிச் சொன்னால்தான் கவலை.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் வாங்கும்போதே போட்டுத் தருவதில்லை? என் ஊகம் எளிது. 'பத்து மணி நேரம் தாங்கும்' என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்துவிட்டு, திறந்ததும் எண்பதில் நின்றால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். மூன்றாவது வருடத்தில் பேட்டரி சோர்ந்துபோனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பழசாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

ஊருக்குக் கிளம்புகிறீர்கள், ரயிலில் வேலை இருக்கிறது. அப்போது நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். நூறைத் தொடுவதே பாவம் இல்லை. தொட்டுவிட்டு அங்கேயே வாரக்கணக்கில் தங்குவதுதான் கெடுதல். கரண்ட் அடிக்கடி போகும் ஊர்க்காரர்கள் எண்பதில் கிடைக்கும் நேரம் தங்களுக்குப் போதுமா என்று பார்த்து முடிவு செய்யட்டும். லேப்டாப்பை யூபிஎஸ் போல நம்பி இருப்பவருக்குக் கையில் இருக்கும் மணி நேரம்தான் பெரிது. பேட்டரி நமக்காகத்தான், நாம் பேட்டரிக்காக இல்லை.

மறுகோடியிலும் ஒரு ஆபத்து உண்டு. மாதக்கணக்கில் தொடாமல் வைக்கப்போகும் லேப்டாப்பைக் காலியாக வைத்துவிடக் கூடாது. மிச்சமிருக்கும் துளியும் கசிந்து, செல்லின் வோல்ட் பாதாளத்துக்குப் போனால், உள்ளே கிராஃபைட்டைத் தாங்கும் தாமிரத் தகடே கரையத் தொடங்கும். அதனால் பாதுகாப்புச் சுற்று அந்த பேட்டரியைப் பூட்டிவிடும். பிறகு எந்தச் சார்ஜர் சொருகினாலும் விழிக்காது. தேர்வு முடிந்ததும் பீரோவில் வைத்த லேப்டாப் அடுத்த வருடம் திறக்காமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பாதி நிரப்பி, முழுக்க அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாதிக்கு நிரப்பிவிட்டால் போதும்.

இனி அந்த 27 சதவீத மர்மம். லேப்டாப்பில் தண்ணீர்த் தொட்டி போல உள்ளே எட்டிப் பார்க்கும் வழி எதுவும் இல்லை. உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் ஒரு சிப் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. அவ்வப்போது வோல்ட் அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். வருடக்கணக்கில் நூறிலேயே நின்ற பேட்டரியில் திருத்திக்கொள்ள வாய்ப்பே வரவில்லை. கணக்குப்பிள்ளை கிடங்குக்குள் போய்ப் பார்க்காமல் பழைய பேரேட்டை வைத்தே சரக்கு இருப்பு சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே பொருக்கு தடித்து உள்தடையும் கூடியிருந்ததால், கொஞ்சம் வேகமாக இழுத்ததும் வோல்ட் சடாரென்று விழுந்து இயந்திரம் அணைந்துவிட்டது. இதற்கு மருந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் எல்லையை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, பத்து சதவீதம் வரை சாதாரணமாக வேலை செய்து இறக்கி, மறுபடி ஏற்றுவது. இதனால் இழந்த கொள்ளளவு திரும்பாது. காட்டும் எண் மட்டும் மெய்யாகும். இந்த வைத்தியம் செய்தும் முப்பதில் பொசுக்கென்று அணைந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நூறிலும் சூட்டிலும் நெடுநாள் கிடந்த பேட்டரிக்குள் கரைசல் சிதைந்து வாயு சேரலாம். அப்படியானால் பேட்டரி உப்பும். விரலால் தடவும் டச்பேட் மேலே தூக்கிக்கொள்ளும், அல்லது அழுத்தினால் சொடுக்கு விழாது. மூடி சரியாக மூடாது. மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடும். அடிப்பக்கத்து மூடியில் இடைவெளி தெரியும். இவற்றில் எது தெரிந்தாலும் அணைத்துவிடுங்கள், சார்ஜரைச் சொருகாதீர்கள், அழுத்தி மூடவோ ஊசியால் குத்திக் காற்றைப் பிடுங்கவோ முயலாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று அப்புறப்படுத்தும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன. பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று அவர்களிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

என் பேட்டரி உப்பவில்லை, ஆனால் உதவவும் இல்லை. மாற்றினேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியதன் ஒட்டுச்சீட்டைப் படித்தால், தயாரித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பெட்டி பிரிக்காத புதுசுதான் என்றார். நாட்களை எண்ணும் அந்த இரண்டாவது கடிகாரம் பெட்டிக்குள்ளும் ஓடும் என்று அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். வேறு கடையில், ஆறு மாதத்துக்கு முந்தையதாகப் பார்த்து வாங்கினேன். மாட்டிய அன்றே அறிக்கையை எடுத்து, முழுக் கொள்ளளவும் சுற்றுக் கணக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். புதிது என்று விற்ற பேட்டரியில் சுற்று நூறைத் தாண்டியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சிறந்த நாள் அன்றைக்குத்தான்.

எல்லையை எண்பதில் வைத்தேன். லேப்டாப்பின் கீழ் இரண்டு மரத்துண்டுகளை வைத்து அடிவயிற்றுக்குக் காற்று போகும்படி செய்தேன். மற்றபடி பழக்கம் எதையும் மாற்றவில்லை. பதினான்கு மாதம் கழித்துப் போன வாரம் அறிக்கை எடுத்தேன். பிறந்தபோது 45,000, இன்றைக்கு 43,400, சுற்று 37. சார்ஜர் இப்போதும் இரவும் பகலும் சுவரில் சொருகியபடியேதான் இருக்கிறது.